சரியான தகவல், தவறான சுருக்கம்

1942 அக்டோபரில் மேதினிப்பூர் கரையோரத்தைப் புயல் புரட்டிப் போட்டது. நெற்பயிரைப் பூஞ்சை நோயும் தாக்கியது. அதே ஆண்டு ஜப்பானியர் பர்மாவைப் பிடித்துவிட்டதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. எதிரி கையில் சிக்கிவிடக் கூடாதென்று வங்காளக் கடலோரப் படகுகளை அரசு பறிமுதல் செய்தது. அரிசி விலை எகிறியது. 1943இல் லட்சக்கணக்கானோர் பட்டினியில் மாண்டார்கள்.

அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட 'வறுமையும் பஞ்சங்களும்' என்ற ஆங்கில நூலின் ஆறாம் அத்தியாயத்தைச் சுருக்கித் தரச் சொன்னால் பெரும்பாலானோர் இப்படித்தான் எழுதித் தருவார்கள். இந்த ஆறு வாக்கியங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் படித்தவர் மனதில் என்ன தங்கும்? புயல் வந்தது, விளைச்சல் போனது, வரத்து நின்றது, அதனால் பஞ்சம் வந்தது என்பதுதான். அந்த எண்ணத்தைத் தகர்ப்பதற்காகவே சென் அந்த அத்தியாயத்தை எழுதினார். தகவல் எல்லாம் சரியாக இருந்தும், சுருக்கம் ஆசிரியரை எதிர்க்கட்சியில் உட்கார வைத்துவிட்டது.

அத்தியாயம் அத்தியாயமாகச் சுருக்கும்போது அடிக்கடி நேரும் விபத்து இது. ஒரு கட்டுரையைச் சுருக்குகிறவர் முழுக் கட்டுரையையும் மனதில் வைத்திருப்பார். ஒரு புத்தகத்தைச் சுருக்குகிறவரோ வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ அத்தியாயங்களாக முடித்துக்கொண்டே போவார். ஒவ்வொன்றிலும் உள்ளதைச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தி அவருக்கு இருக்கும். அந்த அத்தியாயம் புத்தகத்தில் எதற்காக இருக்கிறது என்பது மட்டும் நழுவியிருக்கும். சென்னின் நூல் இதைக் கற்றுக்கொள்ள நல்ல களம். பத்தே அத்தியாயங்கள், நான்கு பின்னிணைப்புகள், எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் ஒரே வாதம்.

வேலையை முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகத் தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. முதலாவதையும் பத்தாவதையும் அடுத்தடுத்துப் படித்துவிட வேண்டும். முதலாவதில் ஆசிரியர் என்ன நிரூபிக்கப் போகிறேன் என்கிறார். கடைசியில் எதை நிரூபித்துவிட்டதாக நினைக்கிறார். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசமே பாதி உண்மையைச் சொல்லிவிடும். படித்ததும் புத்தகத்தின் வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்வேன். அதில் மூன்று உறுப்புகள் இருந்தாக வேண்டும்: ஆசிரியர் எதை மறுக்கிறார், எதை நிறுவுகிறார், எதை விட்டுக்கொடுக்கிறார்.

சென்னுக்கு அந்த வாக்கியம் இப்படி வரும்: பஞ்சத்துக்கு நாட்டில் மொத்த உணவு குறைந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை, குறிப்பிட்ட சில பிரிவினருக்கு உணவைப் பெறும் வழி அடைபடுவதே பஞ்சம், அந்த வழி அடைபடப் பல காரணங்கள் உண்டு, உணவுக் குறைவும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். உணவைப் பெறும் வழி என்று நான் சொல்வது சட்டப்படி ஒருவர் கைக்கு உணவு வந்து சேரக்கூடிய வழிகளை. சொந்த நிலத்தில் விளைவிக்கலாம், கையிலுள்ளதைக் கொடுத்து வாங்கலாம், உழைப்பை விற்றுச் சம்பாதிக்கலாம், பரம்பரைச் சொத்தாகவோ பிறர் கொடுத்தோ கிடைக்கலாம்.

மூன்றாம் உறுப்பைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "பஞ்சத்துக்கும் உணவுப் பற்றாக்குறைக்கும் சம்பந்தமில்லை என்கிறார் சென்" என்ற வாக்கியத்தை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. சம்பந்தம் இருந்தால்கூட, பற்றாக்குறையை மட்டும் பார்த்தால் யார் சாகப்போகிறார்கள் என்பது தெரியாது என்கிறார். இரண்டுக்கும் தூரம் அதிகம்.

அந்த ஒரு வாக்கியத்தை மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அத்தியாயத்திடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: உன்னைப் புத்தகத்திலிருந்து உருவிவிட்டால் இந்த வாக்கியத்தில் எந்தப் பகுதி ஆட்டம் காணும்?

இரண்டாம் மூன்றாம் அத்தியாயங்களில் இந்தக் கேள்வி திணறும். பஞ்சத்தைப் பற்றிப் படிக்க வந்தவரை சென் திடீரென வறுமை என்றால் என்ன, அதை எப்படி அளப்பது என்ற விவாதத்துக்கு இழுத்துச் செல்கிறார். உடல் உயிர்வாழத் தேவையானதை வைத்து வறுமையை வரையறுப்பதா, ஏற்றத்தாழ்வை வைத்தா, பிறரோடு ஒப்பிட்ட இல்லாமையை வைத்தா என்று இரண்டாவது அத்தியாயம் ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்க்கிறது. மூன்றாவது அளவீட்டுக் கணக்குக்குள் நுழைகிறது. பொறுமை இழந்த சுருக்கக்காரர் இந்த இரண்டையும் "வறுமையின் வரையறைகள் அலசப்படுகின்றன" என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார். பொறுமைசாலியோ எல்லா வரையறைகளையும் வரிசையாகப் பட்டியலிட்டு இரண்டு பக்கம் எழுதுவார். இரண்டிலும் வாதம் இல்லை.

மூன்றாம் அத்தியாயத்தின் மையத்தை நானே ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கிறேன். வறுமைக் கோடு மாதம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 50 ரூபாயில் வாழ்கிறார், இன்னொருவர் 95 ரூபாயில். முதலாமவரிடமிருந்து 5 ரூபாயைப் பிடுங்கி இரண்டாமவரிடம் கொடுத்தால், அவர் 100ஐத் தொட்டுக் கோட்டைவிட்டு வெளியேறிவிடுவார். ஏழைகளின் எண்ணிக்கை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டது. இருப்பவரிலேயே மிக ஏழையானவரைக் கொள்ளையடித்து, வறுமையைக் குறைத்துவிட்டதாக அறிக்கை கொடுக்கலாம். வெறும் தலையெண்ணிக்கை ஏழைகளை ஒரே குவியலாகப் பார்க்கிறது. குவியலுக்குள் யார் எங்கே கிடக்கிறார் என்பது அதற்குக் கண்ணில் படுவதில்லை.

இதற்கும் பஞ்சத்துக்கும் என்ன தொடர்பு? பதில் பத்தாம் அத்தியாயத்தில் கிடைக்கிறது. ஏழைகள் என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்துப் பேசுவது, ஏன் பட்டினி வந்தது என்று ஆராய்வதற்கே தடையாக நிற்கிறது என்று சென் அங்கே சொல்கிறார். கையளவு நிலம் வைத்திருக்கும் குடியானவரும் கூலி விவசாயியும் சமமான ஏழைகளாக இருக்கலாம். பஞ்சம் வரும்போது முதலாமவர் தன் நெல்லைத் தின்பார், இரண்டாமவர் கூலியை வைத்து அரிசி வாங்க முடியாமல் விழுவார். ஆக மூன்றாம் அத்தியாயத்துக்கு நான் எழுதும் சுருக்கம் இதுதான்: "ஏழைகளை மொத்தமாக எண்ணும் அளவுகோல் அவர்களுக்குள் உள்ள வேறுபாட்டை மறைத்துவிடும் என்று சென் காட்டுகிறார், பஞ்சத்தை ஆராயும்போது அதே வேறுபாடுதான் அவருக்கு ஆயுதமாகப் போகிறது." முதல் பாதி அந்த அத்தியாயத்தில் உள்ளது. இரண்டாம் பாதி புத்தகத்தில் உள்ளது. பத்தாவதை முன்கூட்டியே படிக்காதவரால் இதை எழுத முடியாது.

நான்காவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எப்போதும் அரை வயிறாக இருப்பது வேறு, திடீரென்று சோறே இல்லாமல் போவது வேறு. ஊரே பசித்திருக்கும்போதும் எல்லாரும் ஒரே அளவில் பசித்திருப்பதில்லை. காலத்தால் ஒரு வேறுபாடு, பிரிவால் ஒரு வேறுபாடு. இந்த இரண்டையும் சொன்னால் போதும்.

ஐந்தாவதுதான் கோட்பாட்டு அத்தியாயம். இங்கே ஒரு எச்சரிக்கை. தன் கோட்பாடு எங்கே வழுக்கும் என்பதை சென் இங்கேயே எழுதிவைத்திருக்கிறார். யாருக்கு எதன்மேல் உரிமை என்பது சில சமூகங்களில் தெளிவாக இருக்காது; கொள்ளை போன்ற சட்ட மீறல்கள் இந்தக் கணக்குக்குள் அடங்காது; வழக்கத்தாலோ அறியாமையாலோ, வழி இருந்தும் சாப்பிடாதவர்கள் உண்டு; பஞ்சச் சாவில் பெரும்பகுதி நேரடிப் பட்டினியால் அல்லாமல் கொள்ளைநோயால் நிகழ்கிறது. இடம் போதவில்லை என்றால் சுருக்கக்காரரின் கத்தரிக்கோல் முதலில் போவது இந்தப் பத்தியின் மேல்தான். அதை வெட்டியதும் ஆசிரியர் ஒரு பிரசாரகர் ஆகிவிடுகிறார். ஒரு வாக்கியமாவது மிச்சம் வைக்க வேண்டும்.

இப்போது ஆறாவது. வங்காளம் பற்றிய இந்த அத்தியாயத்தில் விவரம் கொட்டிக் கிடக்கிறது. பஞ்சத்தை சென் மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறார். கல்கத்தாவில் 1942 டிசம்பரில் மணங்கு 13, 14 ரூபாயாக இருந்த அரிசி மொத்த விலை, 1943 மே மாதம் 30 ரூபாயைத் தாண்டியதைக் காட்டுகிறார். சாந்திநிகேதனில் ஒன்பது வயதுச் சிறுவனாக அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர் என்ற செய்தியைச் சேர்க்கவும் கை பரபரக்கும். எதை எடுப்பது?

முதலில் எடுக்க வேண்டியது, வாதத்தைத் தாங்கும் எண்ணை. 1943இல் வங்காளத்தில் கிடைத்த அரிசி அதற்கு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 சதவீதமே குறைவு. 1941ஐவிட 13 சதவீதம் அதிகம். 1941இல் பஞ்சம் இல்லை. இந்த மூன்று செய்திகளும் சேர்ந்து நின்றால்தான் வாதம் நிற்கும். முதலாவதை மட்டும் எடுத்தால் "அரிசி குறைந்தது" என்று ஆகிவிடும். இதை வைத்து நான் எழுதியது கீழே:

"அரிசி தீர்ந்துபோனதால் வங்காளத்தில் பஞ்சம் வந்தது என்ற விளக்கத்தை சென் இங்கே கணக்குப் போட்டு மறுக்கிறார். புயல், பயிர் நோய், பர்மா அரிசி நின்றது எல்லாம் நடந்தபோதும் 1943இன் மொத்த இருப்பு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் 5 சதவீதமே குறைவு. பஞ்சமில்லாத 1941ஐவிட அதிகம். அப்படியானால் மக்கள் ஏன் செத்தார்கள்? போர்ச் செலவால் ஏறிய விலைவாசி, பதுக்கல், மாகாணங்களுக்கிடையே தானியப் போக்குவரத்துத் தடை எல்லாம் சேர்ந்து அரிசி விலையைத் தூக்கின. கூலி அதோடு ஏறவில்லை. கூலி விவசாயிகள், மீனவர்கள், போக்குவரத்துத் தொழிலாளர்கள் கையிலிருந்த பணம் அரிசியாக மாறும்போது சுருங்கிப்போனது. நெல் விளைவித்தவர்களும் வாரக் குடியானவர்களும் அந்த அளவு அடிபடவில்லை. மலிவு விலை அரிசி கிடைத்த கல்கத்தா நகரமும் தப்பியது. அரிசிக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த அரசு ஆபத்தை முன்கூட்டி உணரவில்லை; தவறான கோட்பாடே நிவாரணத்தைத் தாமதமாக்கியது என்கிறார் சென்."

முதல் வரைவில் இருந்த புயலும் பர்மாவும் இதிலும் இருக்கின்றன. ஆனால் இப்போது அவை "நடந்தபோதும்" என்ற சொல்லுக்கு முன்னால் அடங்கி உட்கார்ந்திருக்கின்றன. பஞ்சத்துக்குக் காரணமாக வரிசையில் நிற்கவில்லை. தகவலை எடுப்பதா விடுவதா என்பதைவிட, வாக்கியத்தில் அதற்கு எந்த இடம் தருகிறோம் என்பதுதான் இங்கே வேலை செய்கிறது. படகுப் பறிமுதல், மூன்று கட்டங்கள், மணங்கு விலை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். சிறுவயது நினைவையும் விட்டேன். அது அறிமுகக் குறிப்புக்குரியது. கடைசி வாக்கியத்தை மட்டும் எந்த நெருக்கடியிலும் விட மாட்டேன். கோட்பாடு தப்பானால் ஆள் சாவான் என்பதற்கு சென் இங்கே தரும் சான்று அதுதான். அது இல்லாவிட்டால் முழுப் புத்தகமும் பொருளாதார வல்லுநர்களின் உள்சண்டை போல ஆகிவிடும்.

அடுத்த மூன்று அத்தியாயங்களில் வேறொரு பொறி இருக்கிறது. எத்தியோப்பியா, சாஹேல், வங்கதேசம் என்று பஞ்சங்கள் தொடர்கின்றன. "இங்கேயும் உணவு இருந்தது, மக்களால் பெற முடியவில்லை" என்று மூன்று தடவை எழுதிவிட்டுப் போய்விடத் தோன்றும். அப்படிச் செய்தால் வாசகர் நியாயமாகவே கேட்பார்: ஒரே விஷயத்தைச் சொல்ல எதற்கு நான்கு பஞ்சம்?

ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்பதுதான் பதில். 1972 முதல் 1974 வரை நடந்த எத்தியோப்பியப் பஞ்சத்தில், நாடு முழுமைக்கும் விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை. வோலோ மாகாணத்தில் மட்டும் வறட்சியால் கடுமையாகக் குறைந்தது. வெளியிலிருந்து தானியம் வந்து சேரச் சாலை இல்லை என்பது ஒரு விளக்கம். சென் கேட்கிறார்: சாலைதான் தடை என்றால், தானியத்துக்கு ஆலாய்ப் பறக்கும் ஊரில் விலை விண்ணைத் தொட்டிருக்க வேண்டுமே? வோலோவின் டெசியே சந்தையில் விலை அப்படி ஏறவில்லை. சொல்லப்போனால் வோலோவிலிருந்து தானியம் வெளியே போனதாகவும் தகவல் உண்டு. வாங்கக் கையில் காசில்லாதவர்களின் பசி சந்தைக்குக் கேட்பதில்லை. வங்காளத்தில் விலை ஏறி மக்கள் செத்தார்கள். வோலோவில் விலை ஏறாமலே செத்தார்கள். எதிரெதிர்த் திசைகளிலிருந்து ஒரே வாதத்துக்கு வலுச் சேர்கிறது. ஏழாம் அத்தியாயத்தின் சுருக்கத்தில் ஒரே ஒரு தகவலுக்குத்தான் இடமென்றால், நான் டெசியே விலையை எடுப்பேன். அஃபார் மேய்ப்பர்களின் கதைக்கும் ஒரு வரி தர வேண்டும்: அவர்களின் ஆடுமாடுகள் செத்தன, மிஞ்சியவற்றை விற்றால் கிடைக்கும் தானியமும் குறைந்தது, இரட்டை அடி.

எட்டாவதுதான் சுருக்குகிறவருக்கு உண்மையான சோதனை. மொரிட்டானியா, செனகல், மாலி, அப்பர் வோல்ட்டா, நைஜர், சாட் என்ற ஆறு சாஹேல் நாடுகளில் 1968 முதல் 1973 வரை வறட்சி. இங்கே தலைக்குக் கிடைத்த உணவு நிஜமாகவே குறைந்தது. சென் அதை ஒளிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டபின், அந்தக் குறைவை மட்டும் வைத்துக்கொண்டு மேய்ப்பர்கள் ஏன் மற்றவர்களைவிட மோசமாக வீழ்ந்தார்கள் என்பதை விளக்க முடியாது என்று அடுத்த அடி வைக்கிறார். மற்ற மூன்றோடு சேர்த்து இதையும் "உணவு இருந்தும் பஞ்சம்" என்று எழுதினால் அது வெறும் பிழையாகவே ஆகிவிடும். நான் முதலில் எழுதிய வாக்கியத்தின் மூன்றாம் உறுப்பு நிற்பது இந்த அத்தியாயத்தின் தோளில்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: காலவரிசை என்றால் சாஹேல் வறட்சி எத்தியோப்பியாவுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். புத்தகத்தின் வரிசை அந்தக் கணக்கில் அமையவில்லை. அதனால் சுருக்கத்தில் "பிறகு", "அடுத்ததாக" என்று கோத்துக்கொண்டே போவது ஆபத்து. "ஆனால்", "இதற்கு மாறாக", "அப்படியானாலும்" என்ற சொற்களைக் கொண்டுதான் இந்த அத்தியாயத்துக்குள் நுழைய முடியும்.

ஒன்பதாவது, 1974 வங்கதேசம். 1971 முதல் 1975 வரையிலான ஐந்தாண்டுகளில் தலைக்குக் கிடைத்த உணவு உச்சத்தில் இருந்தது பஞ்சம் வந்த அதே 1974இல்தான். வெள்ளம் விவசாய வேலையை நிறுத்தியது. வேலை போனதும் கூலியாட்களின் சோறும் போனது, அறுவடை குறையும் முன்பே. இந்த அத்தியாயத்தில் ஒரு சுவையான பக்கக் கதை உண்டு. கியூபாவுக்குச் சணல் ஏற்றுமதி செய்ததற்காக வங்கதேசத்துக்கு வரவிருந்த உணவு உதவியை அமெரிக்கா நிறுத்திவைத்தது. அரசியல் ருசி உள்ளவர்கள் சுருக்கத்தில் பாதியை இதற்கே கொடுத்துவிடுவார்கள். அரசின் கையில் தானியக் கையிருப்பு ஏன் குறைவாக இருந்தது, கஞ்சித்தொட்டிகளால் ஏன் ஓரளவுக்கு மேல் முடியவில்லை என்பதை விளக்குவதோடு வாதத்தில் இதன் வேலை முடிந்தது. ஒரு வரி போதும்.

பின்னிணைப்புகளைத் தனித்தனியாகச் சுருக்க வேண்டியதில்லை. அவை தாங்கும் அத்தியாயத்தோடு சேர்த்துவிடலாம். கணக்கியல் நிறைந்த பின்னிணைப்பு மூன்றாம் அத்தியாயத்துக்குப் போகும். கடைசிப் பின்னிணைப்பு வங்காளச் சாவு எண்ணிக்கையைப் பற்றியது. அரசு விசாரணைக் குழு 15 லட்சம் என்றதை மறுத்து, ஏறத்தாழ 30 லட்சம் என்ற மதிப்பீட்டுக்கு சென் அதில் வருகிறார். அது ஆறாவதோடு சேரும்.

இடம் ஒதுக்குவதில் பக்க எண்ணிக்கையைப் பின்பற்ற வேண்டாம் என்றே சொல்வேன். 2,000 சொல்லில் முழு நூலையும் சுருக்குவதானால், வங்காளத்துக்கும் சாஹேலுக்கும் தாராளமாகக் கொடுப்பேன். ஐந்தாவதுக்கு அதற்கு அடுத்தபடி. நான்காவதுக்கு நாலு வரி. சாஹேல் அத்தியாயம் நீளத்தில் பெரிதில்லை என்றாலும், அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் வரும் சேதம் பெரிது.

சுருக்குகிறவருக்குச் சொந்த அபிப்பிராயம் இருக்கும், அதில் தவறில்லை. வங்காள அரிசிப் புள்ளிவிவரத்தை சென் கையாண்ட விதத்தைப் பீட்டர் பௌபிரிக் 1986இல் கடுமையாக எதிர்த்தார். சென் பதில் எழுதினார். அந்தச் சண்டை தெரிந்த ஒருவர் ஆறாம் அத்தியாயத்தைச் சுருக்கும்போது "ஆனால் இந்தப் புள்ளிவிவரம் நம்பத்தக்கதல்ல" என்று நடுவில் செருகிவிடுவார். வாசகருக்கு அது சென்னின் தயக்கமா, சுருக்குகிறவரின் ஆட்சேபமா என்று தெரியாது. எட்டாம் அத்தியாயத்தில் சென்னே விட்டுக்கொடுத்துப் பேசுகிறார் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். சுருக்கத்துக்குள் ஆசிரியர் மட்டும் பேசட்டும். எதிர்வாதத்தைக் கடைசியில் தனிப் பத்தியாக, யார் சொன்னது என்ற பெயரோடு வைத்துக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும், ஒவ்வொரு அத்தியாயச் சுருக்கத்தின் முதல் வாக்கியத்தை மட்டும் பிரித்தெடுத்து ஒரே தாளில் வரிசையாக எழுதுவேன். பத்து வாக்கியங்கள். புத்தகத்தைப் படிக்காத ஒருவரிடம் அதைக் கொடுத்து, வறட்சிக்கும் பஞ்சத்துக்கும் தொடர்பு உண்டென்று இந்த ஆசிரியர் நினைக்கிறாரா என்று கேட்பேன். "இல்லை என்கிறார்" என்று பதில் வந்தால் எட்டாவதை மறுபடி எழுத வேண்டும். "உண்டு என்கிறார், அதோடு சரி" என்றால் ஆறாவது கெட்டிருக்கிறது. "உண்டு, ஆனால் யாருக்கு என்று கேட்கிறார்" என்று வந்தால் தாளை அச்சுக்கு அனுப்பலாம்.